ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் முழிக்காத போர்டு: ஒரு இறால் பண்ணையில ரீசெட் சர்க்யூட்டை மாத்தின கதை

பின்னணி

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவுல, ஈசிஆர்ல இருந்து கடலைப் பாத்து ஒரு மண்ரோடு இறங்கும், அதுல போனா ஒரு வனாமி இறால் பண்ணை. குளத்துக்கு நாலு துடுப்பு ஏரேட்டர், ஒவ்வொண்ணும் ரெண்டு எச்பி மோட்டார். கரண்டு போனா கைல சுத்தி ஸ்டார்ட் பண்ற டீசல் ஜெனரேட்டர். நாலு மோட்டாரும் ஒரே நேரத்துல இழுத்தா அந்த எஞ்சின் தாங்காது, திணறி நின்னுரும். அதனால ஒண்ணு ஓட ஆரம்பிச்சு இருபது செகண்ட் கழிச்சு அடுத்ததுன்னு வரிசையா கான்டாக்டரை போடறதுக்கு ஒரு சின்ன கன்ட்ரோல் போர்டு வச்சிருந்தாங்க. உள்ள 89எஸ்52 மைக்ரோகன்ட்ரோலர், 11.0592 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ், 7805, அவ்வளவுதான். செஞ்சது யாருன்னு போர்டுல எங்கயும் எழுதல, வாங்கின கடையும் இப்ப இல்ல.

நான் ராமநாதபுரம் டவுன்ல ரிப்பேர் கடை வச்சிருக்கேன். ஐஸ் பிளான்ட் பேனல், படகு எக்கோ சவுண்டர், யுபிஎஸ், வர்றதெல்லாம் பாப்பேன். இந்த போர்டு என்கிட்ட வந்தது புரட்டாசி கடைசில.

முதல்ல வந்த புகார்

பண்ணைக்காரர் சொன்னது இதுதான்: "தம்பி, ஈபி கரண்டு வந்தா போர்டு ஒழுங்கா வேலை செய்யுது, ஜெனரேட்டர் போட்டா சில நாள் ஒரு மோட்டாரும் ஓடல, சில நாள் ரெண்டு சேந்து ஓடி எஞ்சின் மூச்சு விடுது." ராத்திரி ஷிஃப்டு பெரியவர் என்ன செய்வார்னா போர்டு சுவிட்சை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவார், உடனே சரியாயிரும். இந்த வைத்தியம் ஒரு வருஷமா ஓடியிருக்கு, யாரும் அதை கோளாறுன்னே நினைக்கல.

பிரச்சனை பெருசானது ஒரு ராத்திரி மூணரை மணிக்கு. கரண்டு போச்சு, ஜெனரேட்டர் ஓடுது, பெரியவர் சத்தத்தை கேட்டு எல்லாம் ஓடுதுன்னு நினைச்சு உக்காந்துட்டாரு. ஏரேட்டர் ஒண்ணுகூட சுத்தல. குளத்துல ஆக்சிஜன் விடியறதுக்கு முன்னாடிதான் ரொம்ப கீழ இருக்கும், ராத்திரி பூரா பாசியும் இறாலும் சேந்து அதைத் தின்னுகிட்டே இருக்கு, வெயில் வந்தாதான் பாசி திரும்ப விடும். வெளிச்சம் வந்து பாத்தப்ப இறால் கரையோரமா மேல வந்து கிடந்துச்சு. ஒரு குளத்துல நல்ல நஷ்டம். அதுக்கப்புறம்தான் போர்டு என் மேசைக்கு வந்தது.

மேசைல எந்த குறையும் இல்ல. முப்பது தடவை சுவிட்ச் போட்டேன், முப்பது தடவையும் நாலு ரிலேவும் வரிசையா டக் டக்னு வந்துச்சு. ரிலேவை சந்தேகப்பட்டு ரெண்டு மாத்தினேன், 7805 பக்கத்துல சால்டரை புதுசா வச்சேன், எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் எல்லாம் மாத்தினேன். பில்லு போட்டு அனுப்பினேன். ஒரு வாரத்துல அதே புகாரோட திரும்பி வந்துச்சு. இந்த இடத்துல தப்பு என்னோடதுதான்: "ஜெனரேட்டர்ல மட்டும்"னு அவர் சொன்ன வார்த்தையை காதுல வாங்கிட்டு ஜெனரேட்டர் இல்லாத இடத்துல டெஸ்ட் பண்ணியிருக்கேன்.

குளத்தங்கரைல பாத்தது

கையடக்க பேட்டரி ஸ்கோப்பை எடுத்துகிட்டு நேர்ல போனேன். சேஞ்ச்ஓவர் எப்பவும் ஜெனரேட்டர் பக்கம் போட்டுட்டுதான் எஞ்சினை சுத்தறாங்க. கான்டாக்டர் எல்லாம் விழுந்திருக்கிறதால மோட்டார் லோடு இல்ல, ஆனா இந்த போர்டு மட்டும் லைன்லயே இருக்கு. தம்பி ஒருத்தர் டீகம்ப்ரஷன் லிவரை தூக்கிட்டு ஹேண்டிலை சுத்தறாரு, எஞ்சின் பத்திகிட்டு மெதுவா வேகம் எடுக்குது, அந்த வேகத்தோட சேந்து ஆல்டர்னேட்டர் வோல்டேஜும் மேல ஏறுது. போர்டோட 5 வோல்ட் லைன் பூஜ்யத்துல இருந்து 5 வர 1.6 செகண்ட் எடுத்துச்சு. ஈபி கரண்டுல, இல்ல சுவிட்ச் போட்டா, அதே லைன் சில மில்லிசெகண்ட்ல நிமிந்துருது.

ரெண்டாவது புரோபை ரீசெட் பின்ல வச்சேன். 89எஸ்52 சேந்த 8051 குடும்பத்துல ரீசெட் பின் மேல இருந்தா சிப் ரீசெட்ல இருக்கும், கீழ வந்தா ஓடும். போர்டுல இருந்தது எல்லா புத்தகத்துலயும் இருக்கிற அதே பழைய சர்க்யூட்: 5 வோல்ட்ல இருந்து ரீசெட் பின்னுக்கு 10 மைக்ரோஃபாரட், அங்கருந்து கிரவுண்டுக்கு 8.2 கிலோ ஓம். சுவிட்ச் போட்டா பின் 5 வோல்ட்டுக்கு தாவி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கீழ இறங்குது, அழகா இருக்கு. ஜெனரேட்டர் ஸ்டார்ட்ல அந்த பின் கால் வோல்ட்டுக்கு மேல போகவே இல்ல. தரையோட தரையா ஒரு சின்ன மேடு, அவ்வளவுதான்.

மூணாவதா எக்ஸ்டால்2 பின்ல பாத்தேன் (எக்ஸ்டால்1ல புரோப் வச்சா அந்த புரோப்போட கெப்பாசிட்டன்ஸே கிரிஸ்டலை நிறுத்திரும், அதை வச்சு தப்பான முடிவுக்கு வராதீங்க, 10 மடங்கு செட்டிங்ல வச்சு எக்ஸ்டால்2ல மட்டும் பாருங்க). லைன் 3 வோல்ட்டை தொடறதுக்கு முன்னாடியே ஆசிலேட்டர் ஓட ஆரம்பிச்சிருச்சு. அதாவது கடிகாரம் ஓடுது, ஆனா சிப்புக்கு ரீசெட்டே கிடைக்கல. புரோகிராம் கவுண்டர்ல என்ன குப்பை இருக்கோ அங்கருந்து ஓட ஆரம்பிக்குது. சில நாள் எங்கயாவது மாட்டிகிட்டு ஒண்ணும் பண்ணாது, சில நாள் புரோகிராம் நடுவுல குதிச்சு ரெண்டு கான்டாக்டரை சேத்து போடும். பண்ணைக்காரர் சொன்ன ரெண்டு குணமும் இதுல வந்துருது.

ஏன் கால் வோல்ட்

கெப்பாசிட்டர் வழியா போற கரண்டு வோல்டேஜ் எவ்வளவு வேகமா ஏறுதுங்கறதை பொறுத்தது, மொத்தமா எவ்வளவு ஏறுச்சுங்கறதை இல்ல. அந்த கரண்டுதான் 8.2 கிலோ ஓம்ல வோல்டேஜா தெரியுது.

```
V = R × C × (dV/dt)
V = 8200 × 0.00001 × (5 / 1.6) = 0.26
```

ரீசெட்னு சிப் ஒத்துக்கணும்னா பின்ல சப்ளையோட 0.7 பங்கு, அதாவது 3.5 வோல்ட் வேணும். நமக்கு கிடைச்சது 0.26. கணக்கும் ஸ்கோப்பும் ஒண்ணா பேசுனப்பதான் எனக்கு நிம்மதி. இன்டெல்லோட பழைய 8051 கையேட்டுலயே இந்த சர்க்யூட்டை கொடுக்கும்போது ஒரு நிபந்தனை போட்டிருக்கு: சப்ளை 1 மில்லிசெகண்டுக்குள்ள ஏறணும், ஆசிலேட்டர் 10 மில்லிசெகண்டுக்குள்ள ஸ்டார்ட் ஆகணும். சர்க்யூட்டை எல்லாரும் காப்பி அடிச்சாங்க, நிபந்தனையை யாரும் எடுத்துட்டு வரல.

கெப்பாசிட்டரை பெருசாக்கினா சரியாகுமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். 3.5 வோல்ட் வரணும்னா இருக்கிறதைவிட குறைஞ்சது பதிமூணு பதினாலு மடங்காவது வேணும், அதுவும் அடுத்த நாள் எஞ்சின் குளிர்ல இன்னும் மெதுவா ஏறினா திரும்ப பத்தாது. எவ்வளவு மெதுவா ஏறும்னு முன்கூட்டியே தெரியாத ஒரு சப்ளையை டைம் கான்ஸ்டன்டை வச்சு துரத்தறது முடியாத காரியம்னு விட்டுட்டேன்.

முதல் திருத்தம், அது ஏன் தோத்துச்சு

ரெடிமேட் ரீசெட் சிப் வாங்கி போடறதுதான் நேர் வழி. மேக்ஸ்810 மாதிரி, மேல இருந்தா ரீசெட் ஆகற வகை, சப்ளை சரியானதுக்கு அப்புறமும் குறைஞ்சது 140 மில்லிசெகண்ட் பிடிச்சு வைக்கும். ஆனா இங்க கிடைக்கல, கொரியர்ல வரணும், இறால் அதுவரைக்கும் காத்திருக்காது. கைல எல்எம்393 கம்பேரேட்டர் இருந்துச்சு, அதுல ஒரு பாதியை வச்சு அன்னைக்கு ராத்திரியே ஒண்ணு கட்டினேன்.

என்ன செஞ்சேன்னா 5 வோல்ட்ல இருந்து 100 கிலோ ஓம் வழியா 1 மைக்ரோஃபாரட்டை சார்ஜ் பண்ணி, அந்த வோல்டேஜை அதே 5 வோல்ட்ல இருந்து ரெண்டு ரெசிஸ்டர் வச்சு எடுத்த மூணுல ரெண்டு பங்கோட கம்பேரேட்டர்ல ஒப்பிட்டேன். கெப்பாசிட்டர் மூணுல ரெண்டை தாண்டினதும் ரீசெட் விடும். சுவிட்ச்ல போட்டா 110 மில்லிசெகண்ட் பிடிச்சு வச்சு அம்சமா விட்டுச்சு. ரொம்ப சந்தோஷமா பைக்ல எடுத்துட்டு போய் மாட்டினேன். ஜெனரேட்டரை சுத்தினாங்க. பழைய கதைதான்.

திரும்பி வர்ற வழியில்தான் உறைச்சுது. சப்ளை மெதுவா ஏறும்போது கெப்பாசிட்டரும் கூடவே ஏறுது, பின்தங்கறது கொஞ்சம்தான்: செகண்டுக்கு 3.1 வோல்ட் வேகம், டைம் கான்ஸ்டன்ட் 0.1 செகண்ட், அப்போ பின்தங்கல் 0.3 வோல்ட் சொச்சம். ரெஃபரன்ஸோ சப்ளையோட மூணுல ரெண்டு, அதுவும் சப்ளையோட சேந்துதான் ஏறுது. சப்ளை 0.94 வோல்ட்ல இருக்கும்போதே கெப்பாசிட்டர் ரெஃபரன்ஸை தாண்டிருது. எல்எம்393 ஒழுங்கா வேலை செய்யவே 2 வோல்ட் வேணும். அப்படின்னா கம்பேரேட்டர் கண்ணு முழிக்கிற நொடியிலயே "நேரம் ஆச்சு, விடு"ன்னு சொல்லிருது. பழைய தப்பையே கம்பேரேட்டர் போட்டு திரும்ப பண்ணியிருக்கேன். அளவுகோலும் அளக்கிற பொருளும் ஒண்ணா வளந்தா அளக்க முடியாது, அவ்வளவுதான் விஷயம்.

இதுல இன்னொண்ணும் ஆச்சு. அந்த ராத்திரியே கடைல ஒரு வேரியாக்கை போர்டுக்கு முன்னாடி மாட்டி, பூஜ்யத்துல இருந்து ரெண்டு செகண்ட்ல மெதுவா சுத்தி டெஸ்ட் பண்ண ஆரம்பிச்சேன். ஜெனரேட்டர் செய்யறதை மேசையிலயே அப்படியே செஞ்சு காட்டுச்சு. முதல் நாளே இதை செஞ்சிருந்தா ரெண்டு பயணம் மிச்சம்.

ரெண்டாவது திருத்தம்

இந்த தடவை கேள்வியை ரெண்டா பிரிச்சேன். ஒண்ணு, சப்ளை உண்மையிலயே போதுமான அளவுக்கு வந்துருச்சா? ரெண்டு, வந்து போதுமான நேரம் ஆச்சா? எல்எம்393ல ரெண்டு கம்பேரேட்டர் இருக்கு, கேள்விக்கு ஒண்ணு.

நிலையான அளவுகோலுக்கு டிஎல்431, அது 2.5 வோல்ட் தரும். செத்த கம்ப்யூட்டர் பவர் சப்ளை எதை பிரிச்சாலும் கிடைக்கும். முதல் கம்பேரேட்டரோட பிளஸ் இன்புட்டுக்கு 5 வோல்ட் லைனை 8.2 கிலோ, 10 கிலோ வச்சு பிரிச்சு கொடுத்தேன், மைனஸ்ல 2.5. கணக்குப்படி லைன் 4.55 வோல்ட் தாண்டுறவரைக்கும் அவுட்புட் கிரவுண்டுக்கு இழுத்து வைக்கும். இந்த எண் சும்மா எடுத்தது இல்ல: 89எஸ்52 வேலை செய்ய 4 வோல்ட்டாவது வேணும், 7805 மோசமா இருந்தாலும் 4.8 தரும், ரெண்டுக்கும் நடுவுல நிக்கணும்.

அந்த அவுட்புட்டை நேரா டைமிங் கெப்பாசிட்டர் தலையில கட்டினேன். இதுதான் முழு சர்க்யூட்டோட மூளை. லைன் சரியில்லாத வரைக்கும் கெப்பாசிட்டர் காலியாவே இருக்கும், ஏற விடாது. லைன் 4.55 தாண்டின நொடியில கை எடுக்கும், அங்கருந்துதான் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆக ஆரம்பிக்கும். சப்ளை 1 மில்லிசெகண்ட்ல ஏறினாலும் 10 செகண்ட்ல ஏறினாலும் நேரக்கணக்கு தொடங்கறது அந்த கோட்டுல இருந்துதான். நடுவுல மோட்டார் ஸ்டார்ட்ல லைன் தொய்ஞ்சா திரும்ப காலி பண்ணும், கோட்டுக்கு பக்கத்துல மேலயும் கீழயும் ஆடினாலும் ஒவ்வொரு தொய்வுக்கும் எண்ணிக்கை முதல்ல இருந்து வரும். 1 மைக்ரோஃபாரட்டை அந்த சின்ன டிரான்சிஸ்டர் காலி பண்ண அரை மில்லிசெகண்ட் மாதிரி ஆகும், அதைவிட குட்டையான தொய்வை முழுசா பிடிக்காதுங்கறது இதோட எல்லை.

ரெண்டாவது கம்பேரேட்டர்ல மைனஸ் இன்புட்டுக்கு கெப்பாசிட்டர், பிளஸ்க்கு 2.5, அவுட்புட் ரீசெட் பின்னுக்கு, அங்கருந்து 5 வோல்ட்டுக்கு 4.7 கிலோ புல்-அப். பழைய 10 மைக்ரோஃபாரட்டையும் 8.2 கிலோவையும் கழட்டிட்டேன். எல்எம்393 அவுட்புட் கீழ மட்டும்தான் இழுக்கும், மேல தள்ளாது. அதனால கம்பேரேட்டர் இன்னும் உயிர் வராத நேரத்துல புல்-அப் ரீசெட் பின்னை மேலயே வச்சிருக்கும், அதாவது ரீசெட்லயே. எல்எம்393க்கு சப்ளை வராட்டாலும் போர்டு ரீசெட்ல இருக்கும். இந்த ராசி 8051க்குத்தான் பொருந்தும், கீழ இருந்தா ரீசெட்ங்கற சிப்புக்கு இதையே போட்டா தலைகீழா போயிரும்.

ஒரு இடத்துல கொஞ்ச நேரம் மாட்டினேன். எல்எம்393 இன்புட் அதோட சப்ளைக்கு 1.5 வோல்ட் கீழ வரைக்கும்தான் ஒழுங்கா ஒப்பிடும். லைன் 3 வோல்ட்ல இருக்கும்போது அது 1.5தான், ஆனா என் ரெண்டு இன்புட்டும் அதுக்கு மேல, 1.65லயும் 2.5 பக்கத்துலயும் நிக்குது. அப்போ கம்பேரேட்டர் சொல்றதை நம்ப முடியாது. அதனால எல்எம்393க்கும் டிஎல்431க்கும் சப்ளையை 7805க்கு முன்னாடி இருக்கிற ரெகுலேட் ஆகாத லைன்ல இருந்து எடுத்தேன், டிஎல்431க்கு 2.2 கிலோ வழியா. அந்த லைன் எப்பவும் 5 வோல்ட் லைனைவிட ரெண்டு வோல்ட் மாதிரி முன்னாடியே போகும், 393 தாங்கற அளவு 36 வோல்ட். காவல்காரன் வீட்டுக்காரனுக்கு முன்னாடி எழுந்துட்டான்.

எவ்வளவு நேரம் பிடிச்சு வைக்கணும்

8051க்கு ரீசெட் எடுக்க தேவையான நேரம் ரொம்ப கம்மி, 24 கிரிஸ்டல் சுற்று, இந்த கிரிஸ்டல்ல 2.2 மைக்ரோசெகண்ட் கூட இல்ல. ஆனா அந்த 24 சுற்றும் ஆசிலேட்டர் ஓடிகிட்டு இருக்கும்போது நடக்கணும். கடிகாரமே இல்லாம ரீசெட் பின்னை எவ்வளவு நேரம் மேல வச்சாலும் உள்ள முழுசா ரீசெட் ஆகாது, அதுவரைக்கும் போர்ட் பின்கள் எப்படி வேணா நிக்கலாம். அதனால பிடிச்சு வைக்கிற நேரத்தை தீர்மானிக்கிறது கிரிஸ்டல்தான்.

கிரிஸ்டல் சுவிட்ச் போட்ட மாதிரி உடனே ஓடாது. சின்ன இரைச்சல்ல ஆரம்பிச்சு ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமா வளரும், ஊஞ்சலை தள்ளி தள்ளி உயரத்துக்கு கொண்டுவர்ற மாதிரி. பாதி உயரத்துல இருக்கும்போது சில சுற்று சிப்புக்கு தெரியும், சிலது தெரியாது, அந்த நேரத்துல ரீசெட்டை விட்டா அரைகுறை பல்ஸ்ல இன்ஸ்ட்ரக்ஷன் ஓடும். அதனால "ஆரம்பிச்ச நேரம்" இல்ல, முழு உயரத்துக்கு வந்து நின்ன நேரத்தை பாக்கணும்.

கடைல, சுத்தமான போர்டுல 4 மில்லிசெகண்ட். அதை வச்சு முடிவு எடுத்திருந்தா 10 போதும்னு நினைச்சிருப்பேன். ஆனா பண்ணைல இன்னொரு குளத்துக்கு இதே மாதிரி ரெண்டாவது போர்டு இருந்துச்சு, ரெண்டு வருஷமா உப்புக்காத்துல கிடந்தது, கிரிஸ்டல் கால் ரெண்டுக்கும் நடுவுல வெள்ளையா பூத்திருந்துச்சு. விடியக்காலை ஈரத்துல அதை அளந்தா 22 மில்லிசெகண்ட். உப்பு ஈரம் கிரிஸ்டல்மேல லோடா உக்காந்து ஊஞ்சலை பிடிச்சு இழுக்குது. அந்த 22ஐ அடிப்படையா வச்சு மூணு மடங்குன்னு எடுத்தேன்.

```
t = R × C × ln(5 / (5 − 2.5))
t = 100000 × 0.000001 × 0.693 = 0.069
```

69 மில்லிசெகண்ட். ஒரு செகண்டே வச்சிருக்கலாமேன்னு பண்ணைக்காரர் பையன் கேட்டாரு, டிப்ளமோ படிக்கிறவர். வைக்கலாம், ஏரேட்டர் எப்படியும் இருபது செகண்ட் காத்திருக்கிற ஆளு. ஆனா அதுக்கு எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் போடணும், இல்ல ரெசிஸ்டரை மெகா ஓம்ல கொண்டுபோகணும். முதல்ல சொன்னது இந்த வெக்கைல காஞ்சுரும். ரெண்டாவது என்ன பண்ணும்னு அடுத்த பகுதில.

ஐப்பசி மழைல வந்த பாடு

முதல் போர்டுல 100 கிலோ, 1 மைக்ரோஃபாரட் போட்டேன். ரெண்டாவது போர்டுக்கு செய்யும்போது 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டர் தீந்துபோச்சு, 0.1 இருந்துச்சு. பெருக்கினா அதே கணக்குதானேன்னு 1 மெகா ஓம், 0.1 மைக்ரோஃபாரட் போட்டு மாட்டிட்டேன். அதே 69 மில்லிசெகண்ட். மூணு வாரம் நல்லா ஓடுச்சு.

மழை பிடிச்சு, வாடைக்காத்தும் சேந்து நாலு நாள் விடாம அடிச்சப்ப ஒரு காலையில போன். "தம்பி, ரெண்டாவது போர்டு செத்துப்போச்சு, ஆஃப் பண்ணி ஆன் பண்ணாலும் எந்திரிக்கல." இது புது குணம், பழைய கோளாறு சுவிட்ச் போட்டா சரியாகும். போய் பாத்தா ரீசெட் பின் 5 வோல்ட்ல நிக்குது, போர்டு ரீசெட்லயே தூங்குது. டைமிங் கெப்பாசிட்டர் தலையில 2.1 வோல்ட், ஏறவே மாட்டேங்குது.

2.5 வரணும், 2.1ல நின்னுருச்சுன்னா எங்கயோ ஒழுகுது. 1 மெகா ஓம் வழியா உள்ள வர்றது, ஒழுகல் வழியா வெளிய போறது, ரெண்டும் 2.1ல சமமாகுதுன்னா ஒழுகல் கிட்டத்தட்ட ஏழு லட்சம் ஓம். கெப்பாசிட்டரை கழட்டி அளந்தேன், அதுல குறை இல்ல. நான் சால்டர் பண்ணிட்டு சரியா துடைக்காம விட்ட ஃப்ளக்ஸ்மேல உப்பு ஈரம் படிஞ்சு, பேடுல இருந்து பக்கத்து கிரவுண்டு பட்டைக்கு ஒரு பாதை போட்டிருந்துச்சு. அதே ஒழுகல் 100 கிலோ போர்டுல இருந்திருந்தா கெப்பாசிட்டர் 4.4 வோல்ட் வரைக்கும் ஏறும், நேரம் 69க்கு பதிலா 74 மில்லிசெகண்ட் ஆகும், யாருக்கும் தெரிஞ்சிருக்காது. காகிதத்துல ஒரே பெருக்கல், கடற்கரைல ஒரே சர்க்யூட் இல்ல.

அங்கயே தற்காலிகமா ஹேர் டிரையர் வச்சு காய வச்சதும் எந்திரிச்சிருச்சு. மறுநாள் கடைக்கு எடுத்துட்டு வந்து 100 கிலோவும் 1 மைக்ரோஃபாரட்டும் மாத்தி, ரெண்டு போர்டையும் ஐசோப்ரொப்பைல்ல பிரஷ் போட்டு கழுவி, ஒரு நாள் பூரா காய வச்சு, அதுக்கப்புறம் இன்சுலேஷன் வார்னிஷ் அடிச்சேன். வரிசை முக்கியம், கழுவாம வார்னிஷ் அடிச்சா உப்பை உள்ள வச்சு பூட்டின மாதிரி.

ஒண்ணு ஆறுதல்: இந்த தடவை தோத்த விதம் பழைய மாதிரி இல்ல. போர்டு தூங்குச்சே தவிர கண்டபடி கான்டாக்டரை போடல. ஆனா ஏரேட்டர் ஓடாததும் இறாலுக்கு ஆபத்துதான். அன்னைக்கு கையால கான்டாக்டரை போட்டு ஓட்டினாங்க, விடிஞ்ச நேரமா இருந்ததால தப்பிச்சுது.

அதுக்கப்புறம்

ஜெனரேட்டர் ஓட்டற தம்பிகிட்ட ஒரு நோட்டு கொடுத்து, ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் நாலும் வரிசையா வந்தா டிக், இல்லைன்னா என்ன ஆச்சுன்னு எழுதச் சொன்னேன். தை கடைசி வரைக்கும் பாத்தேன். ஒரே ஒரு இடத்துல "மூணாவது வரல"ன்னு எழுதியிருந்தாரு, அது கான்டாக்டர் காயில் எரிஞ்சது, போர்டு இல்ல. பெரியவர் ஆஃப் பண்ணி ஆன் பண்ற பழக்கத்தை மட்டும் விடல, ஜெனரேட்டர் ஓடினதும் ஒரு தடவை தட்டிட்டுத்தான் உக்காருவார். சரி, புது சர்க்யூட் அதையும் தாங்குது.

இப்ப செஞ்சா என்ன மாத்துவேன்

புது போர்டுன்னா நேரா ரீசெட் சிப்தான் போடுவேன், கம்பேரேட்டர் சர்க்யூட்ல இருபது சால்டர் புள்ளி மாதிரி கூடுதல், ஒவ்வொண்ணும் உப்புக்கு ஒரு வாசல். இருந்தாலும் கைல இருக்கிறதை வச்சு அவசரத்துக்கு கட்டணும்னா இதே ரெண்டு கேள்வி சர்க்யூட்தான், டைமிங் ரெசிஸ்டர் 100 கிலோவுக்கு மேல போகாது.

புரோகிராம்லயும் ஒண்ணு செஞ்சிருக்கலாம், சோர்ஸ் கோடு கிடைக்கல. ரீசெட் ஆனதும் 8051 போர்ட் பின் எல்லாம் மேல போயிரும், இந்த போர்டுல ரிலே கீழ இழுத்தாதான் போடும்ங்கறது அதிர்ஷ்டம். மேல போனா ரிலே போடற போர்டா இருந்திருந்தா என் 69 மில்லிசெகண்ட் பூரா நாலு மோட்டாரும் ஒண்ணா இழுத்திருக்கும். ரீசெட்டை நீட்டறதுக்கு முன்னாடி இதை பாக்கணும்னு எனக்கு தோணினது எல்லாம் முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு.

வேரியாக் இப்ப மேசையிலயே நிரந்தரமா இருக்கு. பண்ணைல மூணாவதா ஒரு பழைய போர்டு ஸ்பேரா கிடக்குது, மாத்தறதுக்கு கொடுக்க மாட்டேங்கறாங்க, "அவசரத்துக்கு வேணும் தம்பி"ங்கறாரு பண்ணைக்காரர். அதுல சிவப்பு டேப் சுத்தி "ஈபி கரண்டுக்கு மட்டும்"னு மார்க்கர்ல எழுதி வச்சிட்டு வந்தேன்.